தமிழ்க் குறிப்பிலிருந்து ஆங்கில ராஜினாமா: ஒரு வங்கி கிளார்க்கின் கடிதம்

டெல்டா மாவட்டம் ஒன்றில், ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் கவுன்டரில் இருந்தவர். 2017 செப்டம்பர் 4 அன்று கிளார்க்காகச் சேர்ந்தார். மனைவி நர்ஸ், அயர்லாந்தில் வேலை கிடைத்து முன்பே போய்விட்டார். 2025 மே மாதத் தொடக்கத்தில் இவருக்கும் குழந்தைக்கும் விசா வந்தது. ஜூன் 28-க்கு டிக்கெட். வேலையை விடுவதாக ஆங்கிலத்தில் கடிதம் கொடுக்க வேண்டும்.

நான் இன்னொரு வங்கியின் வட்டார அலுவலகத்தில், பணியாளர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரிக் கடிதங்கள் வந்து சேரும் மேசையில் நிறைய நாள் உட்கார்ந்திருந்தேன். அதனால் என்னிடம் வந்தார். இந்தக் கடிதம் எப்படி உருவானது என்பதை, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மட்டும் மாற்றிவிட்டு, அவர் அனுமதியோடு எழுதுகிறேன்.

ஆங்கிலம் பற்றிப் பேசுமுன் நான் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, எந்த வருஷம் சேர்ந்தீங்க?" ராஜினாமா என்று எழுதலாமா கூடாதா என்பதே அந்தப் பதிலைப் பொறுத்தது. 2010 ஏப்ரல் 1-க்கு முன் வங்கியில் சேர்ந்து பழைய பென்ஷன் திட்டத்தில் இருப்பவர் ராஜினாமா செய்தால், 1995-ஆம் ஆண்டின் பென்ஷன் விதிகளின்படி அதுவரை பார்த்த சர்வீஸ் பென்ஷனுக்குக் கணக்கில் வராமல் போய்விடும். இருபது வருட சர்வீஸ் முடித்தவராக இருந்தால் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வு கேட்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு போய் இருக்கலாம் என்று கிளம்புகிற ஐம்பது வயதுக்காரர், இணையத்தில் கிடைத்த ராஜினாமா மாதிரி ஒன்றில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நம்மவர் 2017-இல் சேர்ந்தவர், என்.பி.எஸ். என்ற புதிய பென்ஷன் திட்டத்தில் இருப்பவர். அந்தத் திட்டத்தில் அவருக்குக் கொடுத்த நிரந்தரக் கணக்கு எண்ணான பி.ஆர்.ஏ.என். அவரோடேயே போகும், வெளிநாடு போனாலும் கணக்கு இருக்கும். ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் கிராஜுவிட்டியும் உண்டு. ஆகவே ராஜினாமாதான். சரி, குறிப்பைக் காட்டுங்கள் என்றேன்.

ஒரு தாளின் இரண்டு பக்கமும் எழுதி வைத்திருந்தார். அப்படியே தருகிறேன்:

"மேனேஜர் சாருக்கு வணக்கம். எட்டு வருஷமா இந்த பேங்க்ல இருக்கேன். என் குடும்பத்துக்குச் சோறு போட்டது இந்த வேலைதான். மனைவிக்கு அயர்லாந்துல நர்ஸ் வேலை கிடைச்சிருக்கு. குழந்தையைக் கூட்டிட்டு நானும் போகணும். வேற வழி இல்லாமத்தான் வேலையை விடுறேன். ஜூன் கடைசில டிக்கெட். அதுக்குள்ள சீக்கிரமா ரிலீவ் பண்ணிடணும். லீவு நிறைய பாக்கி இருக்கு, நோட்டீஸ்ல கழிச்சுக்கிட்டா நல்லது. வீட்டு லோனை முடிச்சுக் கொடுத்துடுறேன். போன வருஷம் டிரான்ஸ்ஃபர் கேட்டேன், தரல, அது மனசுல இருக்கு. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் வேணும். திரும்பி வந்தா மறுபடி எடுத்துக்குவாங்களா? என்னை அறியாமல் ஏதாவது தப்புப் பண்ணியிருந்தா மன்னிக்கணும்."

நல்ல குறிப்பு. மனதில் இருந்த அத்தனையும் இதில் இருந்தது. இதை வரி வரியாக ஆங்கிலமாக்கி ஒரு முயற்சியும் செய்திருந்தார். அதன் ஆங்கிலத்தில் பெரிய குறை இல்லை, இலக்கணம் பார்த்தால் பாஸ் மார்க் போடலாம். ஆனால் அந்தக் கடிதம் வட்டார அலுவலகத்துக்குப் போயிருந்தால் குறைந்தது மூன்று கேள்விகளோடு திரும்பி வந்திருக்கும். டிக்கெட் தேதியை வைத்துக்கொண்டு அந்தப் போக்குவரத்தைத் தாங்க முடியாது.

காரணம், இந்தக் கடிதத்தைப் படிக்கப் போவது மேனேஜர் சார் இல்லை. அவர் படிப்பார், வருத்தப்படுவார், தோளில் தட்டுவார். ஆனால் கிளார்க்கின் ராஜினாமாவை ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் இவர்கள் வங்கியில் வட்டார அலுவலகத்துக்குத்தான். அங்கே இவரை முகம் பார்த்து அறியாத ஒருவர் கடிதத்தைக் கையில் எடுத்து நான்கு விஷயம் தேடுவார்: யார், விருப்பப்பட்டுத்தான் விடுகிறாரா, எந்தத் தேதியோடு, வங்கிக்கு ஏதாவது பாக்கி உண்டா. தேடியது கிடைத்தால் குறிப்பெழுதி மேலே அனுப்புவார். அதற்கு மேல் இருக்கிற ஒவ்வொரு வரியும் அவருக்கு ஒரு கேள்வி. ஆகவே கடிதத்தை வட்டார மேலாளருக்கு முகவரியிட்டு, கிளை மேலாளர் வழியாக என்று மேலே போட்டோம்.

'யார்' என்பதில் ஒரு சின்ன விஷயம். கடிதத்தில் தன்னைக் கிளார்க் என்று எழுதியிருந்தார். வங்கி நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையே 2024 மார்ச் 8 அன்று கையெழுத்தான 12-ஆவது இருதரப்பு ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்தப் பதவியின் பெயர் கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட். வீட்டிலும் டீக்கடையிலும் இன்னும் கிளார்க்தான், நானும் இங்கே அப்படித்தான் சொல்கிறேன். கடிதத்தில் மட்டும் சம்பளச் சீட்டில் இருப்பது போல எழுதி, கூடவே பணியாளர் எண்ணையும் போட்டோம். பெயரை வைத்துத் தேடினால் ஒரே வட்டாரத்தில் நான்கு பேர் இருப்பார்கள்.

அடுத்தது அந்த "வேற வழி இல்லாமத்தான்". நம் பேச்சில் இது மரியாதைச் சொல். இந்த வேலையை உதறிவிட்டுப் போகவில்லை, மனசில்லாமல்தான் போகிறேன் என்று மேனேஜருக்குச் சொல்லும் பணிவு அது. அவருடைய முயற்சியில் அது 'ஐ ஆம் கம்பெல்ட் டு ரிசைன்' என்று ஆகியிருந்தது. ராஜினாமா என்பது தானாக விரும்பிக் கொடுப்பது. யாராவது நிர்ப்பந்தித்து வாங்கியது என்றால் அது பிறகு வழக்கில் நிற்காது, அலுவலகத்துக்கும் அது தெரியும். அதே கடிதத்தில் இரண்டு பத்தி தள்ளி, டிரான்ஸ்ஃபர் கேட்டும் தரவில்லை என்ற வரியும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு என்ன தோன்றும்? இவரை யாரோ நெருக்கியிருக்கிறார்கள், நாளைக்கே யூனியன் மூலமாகப் பிரச்சினை வரும். உடனே கிளை மேலாளரிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கிளம்பும்.

"அப்போ டிரான்ஸ்ஃபர் விஷயத்தை எங்கேதான் சொல்றது சார்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. கிடைக்காத இடமாற்றம் அவரை உறுத்தியது உண்மை, ஒரு வருடம் தினமும் நெடுந்தூரம் போய் வந்திருக்கிறார். ஆனால் அவர் வேலையை விடுவது அதனால் அல்ல. டிரான்ஸ்ஃபர் கொடுத்திருந்தாலும் அயர்லாந்துக்குப் போயிருப்பார். சேவைக் கோப்பில் கடைசியாக இருக்கப் போகும் தாளில், காரணமல்லாத ஒன்றைக் காரணத்தின் பக்கத்தில் வைத்தால் அதுவே காரணமாகப் படிக்கப்படும். குறை சொல்ல வேண்டுமானால் தனியாக எழுதலாம். யோசித்துவிட்டு வேண்டாம் என்றார்.

காரணத்தை எவ்வளவு விரிவாகச் சொல்வது என்பதில் எங்களுக்குள் கொஞ்சம் இழுபறி. மனைவியின் வேலை, ஆஸ்பத்திரி பெயர், ஊர் எல்லாம் எழுத அவருக்கு ஆசை. அதில் பெருமையும் இருந்தது, அது தப்பில்லை. ஆனால் மனைவியின் பணி விவரம் இவருடைய கோப்பில் இருந்து யாருக்கும் ஒன்றும் ஆகப் போவதில்லை. வெறுமனே 'பெர்சனல் ரீசன்ஸ்' என்று விட்டுவிடலாம், அதுவே போதும். என் பழக்கத்தில் நான் இன்னும் ஐந்தாறு சொல் சேர்ப்பேன்: வெளிநாட்டில் இருக்கும் குடும்பத்தோடு சேரப் போகிறேன் என்று. படிப்பவர் சந்தேகப்பட இடம் இருக்காது, போட்டி வங்கிக்குத் தாவுகிறாரோ என்ற எண்ணமும் வராது.

இப்போது தேதி. கடிதத்திலேயே கனமான இடம் இதுதான், குறிப்பில் மிக லேசாக இருந்ததும் இதுதான். "ஜூன் கடைசில டிக்கெட், அதுக்குள்ள சீக்கிரமா ரிலீவ் பண்ணிடணும்." ஆங்கிலத்தில் 'அட் தி எர்லியஸ்ட்' என்று எழுதியிருந்தார்.

நிரந்தரப் பணியில் உள்ள வங்கி கிளார்க் வேலையை விட ஒரு மாத நோட்டீஸ் எழுத்தில் கொடுக்க வேண்டும். வங்கி ஊழியர்களின் பணி நிபந்தனைகளை வகுத்த பழைய தீர்ப்பாயத் தீர்ப்பான சாஸ்திரி அவார்டு காலத்திலிருந்து வரும் விதி இது. நோட்டீஸ் கொடுக்காமல் போனால் ஒரு மாதச் சம்பளம் வங்கிக்குச் சேர வேண்டும். அதிகாரிகளுக்கு மூன்று மாதம். அந்த மூன்று மாதக் கணக்கை இணையத்தில் படித்துவிட்டு, ஏற்கனவே தாமதமாகிவிட்டது என்று பயந்து கொண்டிருந்தார். அந்தப் பயத்தில் எழுதியதுதான் 'சீக்கிரமா'.

சீக்கிரம் என்று கேட்டால் என்ன கிடைக்கும்? அலுவலகம் நினைத்தால், சரி, நாளையோடு விட்டுவிடுகிறோம் என்று சொல்லலாம், அதற்கு வழிவிட்டது இவர் கடிதமே. அப்படி நடந்தால் மே மாதச் சம்பளத்தின் பாதி போகும். வீட்டு லோன் மாற்றம் முடிவதற்குள் ஊழியர் என்ற தகுதி போகும். இன்னொன்றும் போகும், அது பலருக்குத் தெரியாது: மனம் மாறும் உரிமை.

1980-களில் பஞ்சாப் நேஷனல் வங்கியின் அதிகாரி ஒருவர் ஜனவரி மாதத்தில் ராஜினாமா எழுதினார், ஜூன் 30 முதல் விடுவிக்கும்படி. வங்கி பிப்ரவரியிலேயே, நோட்டீஸ் காலம் வேண்டாம், உடனே ஏற்றுக்கொள்கிறோம் என்றது. ஏப்ரலில் அவர் ராஜினாமாவைத் திரும்பப் பெறுவதாக எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1989-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது: அவர் சம்மதம் இல்லாமல் வங்கி அந்தத் தேதியை முன்னுக்கு இழுக்க முடியாது, ராஜினாமா நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன்பு வரை அதைத் திரும்பப் பெறலாம். அது அதிகாரிகளுக்கான விதியை ஒட்டிய வழக்கு. ஆனால் எதிர்காலத் தேதி போட்ட ராஜினாமாவை அந்தத் தேதிக்கு முன் திரும்பப் பெறலாம் என்பது அதற்கு முன்பே, 1978-இல், உச்ச நீதிமன்றம் சொன்ன பொதுவான நிலைதான். கவனிக்க வேண்டியது, அந்த அதிகாரி தன் கடிதத்தில் ஒரு தேதியைத் தெளிவாக எழுதியிருந்தார். 'அட் தி எர்லியஸ்ட்' என்று எழுதியிருந்தால் அவருக்குப் பிடித்து நிற்க ஒன்றும் இருந்திருக்காது.

நம்மவருக்கு விசா கையில் இருந்தது, மனம் மாறும் எண்ணமும் இல்லை. ஆனாலும் வயதான அம்மா ஊரில் இருக்கிறார். கிளம்புவதற்குள் எதுவும் நடக்கலாம். கிடைக்கிற உரிமையை ஒரு அவசரச் சொல்லால் ஏன் விட வேண்டும்?

காலண்டரை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டோம். கடிதம் கொடுப்பது மே 14, புதன். ஒரு மாதம் ஜூன் 13-இல் முடிகிறது, வெள்ளி. மறுநாள் இரண்டாவது சனி, விடுமுறை. 13-ஆம் தேதியையே கடைசி நாளாகப் போடலாம்தான். ஆனால் நோட்டீஸ் எண்ணப்படுவது கடிதத்தில் போட்ட தேதியிலிருந்து இல்லை, அலுவலகம் பெற்றுக்கொண்ட தேதியிலிருந்து. கிளை மேலாளர் அன்று லீவில் இருந்தாலோ, உள்வரவு முத்திரை இரண்டு நாள் தள்ளி விழுந்தாலோ, ஒரு மாதத்தில் இரண்டு நாள் குறையும். அந்த இரண்டு நாளுக்காகத் தனியாக ஒரு கடிதப் போக்குவரத்து. ஆகவே ஒரு வாரம் தள்ளி ஜூன் 20, வெள்ளிக்கிழமை. டிக்கெட்டுக்கு எட்டு நாள் இடைவெளி. ஏதாவது இழுத்தாலும் சமாளிக்கலாம்.

அந்தத் தேதியை எழுதும் விதத்திலும் ஒரு வழக்கமான குழப்பம் உண்டு. 'வித் எஃபெக்ட் ஃப்ரம் 20 ஜூன்' என்று எழுதுவார்கள். அப்படியென்றால் 20-ஆம் தேதி வேலை பார்க்கிறாரா, இல்லை 19-ஓடு முடிந்ததா? ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் படிப்பார்கள். சம்பளக் கணக்கில் ஒரு நாள், வருகைப் பதிவில் ஒரு நாள், சர்டிஃபிகேட்டில் இன்னொரு தேதி என்று ஆகிவிடும். 'அட் தி க்ளோஸ் ஆஃப் பிசினஸ் ஆன் ஃப்ரைடே, 20 ஜூன் 2025' என்று எழுதினால் யாரும் வேறு விதமாகப் படிக்க முடியாது. கிழமையையும் சேர்த்துப் போட்டால் தட்டச்சுப் பிழை வந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

லீவைப் பற்றிய வரியை எடுத்துவிட்டேன். பாக்கி லீவை நோட்டீஸில் கழிப்பது வங்கி நினைத்தால் செய்யலாம், ஊழியர் உரிமையாகக் கேட்க முடியாது. அதைவிட முக்கியம், அந்த வரி கடிதத்தை நிபந்தனையோடு கூடியதாக ஆக்கிவிடுகிறது. இதைக் கழித்துக்கொண்டால் நான் போகிறேன் என்ற தொனி எங்கே இருந்தாலும் அலுவலகம் தயங்கும். ராஜினாமா நிபந்தனை இல்லாமல் இருக்க வேண்டும், வேண்டுகோள்களுக்கு வேறு தாள் இருக்கிறது.

வீட்டு லோன் வரி இதைவிடச் சிக்கல். குறிப்பில் "முடிச்சுக் கொடுத்துடுறேன்". கடிதத்தில் 'ஐ வில் க்ளோஸ் தி லோன் பிஃபோர் ரிலீவிங்'. கேட்டுப் பார்த்தால் அவருக்கு லோனை அடைக்கும் எண்ணமே இல்லை, அவ்வளவு பணமும் இல்லை. ஊழியருக்கான சலுகை வட்டி நின்றுபோகும், சாதாரண வாடிக்கையாளர் வட்டிக்கு மாற்றி மாதத் தவணையைத் தொடர்ந்து கட்டிவிடலாம் என்பதுதான் அவர் திட்டம். அதற்கான தாள்களை ஒழுங்கு செய்து கொடுப்பதைத்தான் முடித்துக் கொடுப்பது என்று எழுதியிருக்கிறார். ஆனால் கையெழுத்தோடு கோப்பில் ஏறிய பிறகு அது ஒரு உறுதிமொழி. லோன் அடையும் வரை விடுவிக்க வேண்டாம் என்று யாராவது சிவப்பு மையில் எழுதினால் பதில் சொல்ல முடியாது. லோன் இருப்பதைச் சொல்லாமல் விடவும் கூடாது, எப்படியும் கணினியில் தெரியும். இருக்கிறது, அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன் என்று இரண்டு சிறிய வாக்கியம். அவ்வளவே.

அப்புறம் அந்த மன்னிப்பு. "என்னை அறியாமல் ஏதாவது தப்புப் பண்ணியிருந்தா மன்னிக்கணும்." விடைபெறும்போது நாம் எல்லோரும் சொல்வதுதான். கல்யாண மேடையில், ரிட்டையர்மென்ட் பார்ட்டியில், ஊர் விட்டுப் போகும்போது. நேரில் சொன்னால் கேட்பவர் கண் கலங்குவார். ஆனால் இவர் எட்டு வருடம் பணம் எண்ணியவர். 'ப்ளீஸ் ஃபர்கிவ் எனி மிஸ்டேக்ஸ் கமிட்டட் பை மீ' என்று கேஷ் கவுன்டரில் இருந்தவர் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் வெளிநாடு போகிறார் என்றால், அதைப் படிக்கும் ஆடிட்டருக்குக் கண் கலங்காது. என்ன தவறு, எந்தத் தேதி, எந்த வவுச்சர் என்றுதான் கேட்பார். ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது நிலுவையில் இருந்தால் ராஜினாமாவை ஏற்காமல் நிறுத்தி வைக்கலாம், அதனால் விஜிலன்ஸ் பக்கம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஏற்பு வரும். அந்த மேசைக்கு நாமே ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டுமா? இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார். ஆனால் மன்னிப்பு வரியைத்தான் கடைசி வரை விட மனமில்லாமல் இருந்தார். பிரிவு உபசாரத்தில் சொல்லுங்கள் தம்பி, அங்கேதான் அதற்கு இடம் என்றேன்.

திரும்பி வந்தால் எடுப்பார்களா என்ற கேள்விக்குக் கடிதத்தில் இடமில்லை. ராஜினாமா ஏற்கப்பட்டால் அந்தப் பணியோடு உறவு முடிந்தது, மறுபடி வர வேண்டுமானால் தேர்வு எழுதித்தான். சம்பளமில்லா நீண்ட லீவு போட்டுப் பார்க்கலாமா என்று முதலில் யோசித்திருக்கிறார். ஆனால் அங்கே போய் வேலை தேடும் எண்ணம் இருப்பதால் அது சரிவராது. லீவில் இருந்துகொண்டு வேறு வேலை பார்ப்பது தனிக் குற்றம்.

இத்தனையும் எடுத்த பிறகு மிஞ்சியது ஒரு பக்கத்தில் முக்கால். ஆங்கிலச் சொற்களை உச்சரிப்பிலேயே தருகிறேன்:

"சப்ஜெக்ட்: ரெசிக்னேஷன் ஃப்ரம் தி சர்வீஸ் ஆஃப் தி பேங்க்.

ஐ ஜாய்ன்ட் தி பேங்க் ஆன் 4 செப்டம்பர் 2017 அண்ட் ஆம் நவ் ஒர்க்கிங் அட் தி அபவ் பிராஞ்ச்.

ஐ ஹியர்பை ரிசைன் ஃப்ரம் தி சர்வீஸ் ஆஃப் தி பேங்க் ஃபார் பெர்சனல் ரீசன்ஸ், டு ஜாயின் மை ஃபேமிலி அப்ராட். ப்ளீஸ் ட்ரீட் திஸ் லெட்டர் ஆஸ் மை நோட்டீஸ். ஐ ரெக்வெஸ்ட் தட் ஐ பி ரிலீவ்ட் அட் தி க்ளோஸ் ஆஃப் பிசினஸ் ஆன் ஃப்ரைடே, 20 ஜூன் 2025. ஐ வில் ஒர்க் அன்டில் தென் அண்ட் ஹேண்ட் ஓவர் மை டியூட்டீஸ் ஆஸ் டைரக்டட்.

ஐ ஹேவ் எ ஸ்டாஃப் ஹவுசிங் லோன். ஐ ஆம் ரைட்டிங் செபரேட்லி அபவுட் தி லோன், மை டெர்மினல் பெனிஃபிட்ஸ் அண்ட் மை சர்வீஸ் சர்டிஃபிகேட்.

ஐ தேங்க் தி பேங்க் அண்ட் மை காலீக்ஸ் ஃபார் தீஸ் இயர்ஸ்."

சேர்ந்த தேதியை முதல் வரியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. குறிப்பில் எட்டு வருஷம் என்றிருந்தது. கணக்குப்படி ஜூன் 20 வரை ஏழு வருடம் ஒன்பது மாதம் சொச்சம். கிராஜுவிட்டிக்கு ஆறு மாதத்துக்கு மேல் உள்ள மிச்சம் முழு வருடமாக எண்ணப்படும், அதாவது எட்டுதான். நாம் எட்டு என்று எழுதினால் அது பேச்சு. தேதியை எழுதினால் அவர்களே எட்டு என்று கணக்கிடுவார்கள்.

அவர் கேட்ட 'சோறு போட்டது' கடைசி வரியில் நன்றியாகச் சுருங்கிவிட்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் மனக்குறை. எனக்கும்தான். ஆனால் வங்கிக் கோப்பில் அந்த உணர்ச்சியைத் தாங்கும் ஆங்கில வரியை எழுதப் போனால், அது சினிமா வசனம் மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டு மூன்று விதமாக எழுதிப் பார்த்தோம், எதுவும் அவர் குரலில் இல்லை.

கொடுத்த விதம். இரண்டு பிரதி, இரண்டிலும் மையில் கையெழுத்து. ஒன்றில் கிளை மேலாளரின் கையெழுத்தும் தேதியோடு கிளை முத்திரையும் வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டார். நோட்டீஸ் எந்த நாளில் தொடங்கியது என்பதற்கு இந்தப் பிரதிதான் சாட்சி. அன்றே பணியாளர் விவகாரங்களுக்கான வங்கியின் எச்.ஆர்.எம்.எஸ். இணையதளத்திலும் பதிவு செய்தார். அங்கே ஒரு கோளாறு. நோட்டீஸ் காலம் ஒரு மாதம் என்று கணினியே எடுத்துக்கொண்டு, கடைசி நாளை ஜூன் 13 என்று நிரப்பிவிட்டது. இவர் கவனிக்காமல் அனுப்பிவிட்டார். தாளில் 20, திரையில் 13. மறுநாள் கிளை மேலாளர் பரிந்துரை எழுதும்போது பார்த்துத் திருப்பி அனுப்ப, திருத்திப் பதிந்தார். அது அப்படியே மேலே போயிருந்தால், எந்தத் தேதி சரி என்று கேட்டு வட்டார அலுவலகத்தில் ஒரு வாரம் கிடந்திருக்கும். தளத்தில் பதிகிறவர்கள் கடைசி நாள் கட்டத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு அனுப்புங்கள். காரணம் கேட்கும் கட்டத்திலும் கடிதத்தில் உள்ள அதே காரணம் இருக்க வேண்டும்.

ஜூன் இரண்டாவது வாரத்தில் ஏற்புக் கடிதம் வந்தது, கேள்வி எதுவும் இல்லாமல். கிளையில் பணப்பெட்டகச் சாவி வைத்திருக்கும் இருவரில் இவரும் ஒருவர். அந்தச் சாவியை வேறொருவருக்கு மாற்றிப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிய பிறகே விடுவிப்பு என்று ஒரு குறிப்பு மட்டும் ஏற்புக் கடிதத்தில் இருந்தது. 'ஹேண்ட் ஓவர்' வரி அதற்குத் தோதாக அமைந்தது.

இரண்டாவது கடிதத்தை ராஜினாமா கொடுத்து இரண்டு நாள் கழித்துக் கொடுத்தார். அது வேண்டுகோள் கடிதம், அதனால் எண் போட்டுத் தாராளமாகவே எழுதினோம். லோனைச் சாதாரண வட்டிக்கு மாற்றுவது, தவணை போக வேண்டிய கணக்கு எண், கிராஜுவிட்டி, லீவுப் பணம் விதிப்படி கணக்கிடுவது, அந்தப் பணம் வர வேண்டிய கணக்கு. இந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் சற்று யோசிக்க வேண்டியிருந்தது. வேலைக்காகவோ குடியேறவோ வெளிநாடு போகிறவரின் உள்நாட்டுச் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். கவுன்டரில் எத்தனையோ பேருக்கு இவரே செய்து கொடுத்த வேலை அது. தனக்கென்று வரும்போது, பணம் வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். கிராஜுவிட்டி வந்து சேர அவர் விமானம் ஏறிய பிறகும் நாள் ஆகலாம். கணக்கு நடுவில் மாறினாலும் எண் மாறுமா மாறாதா என்பதைக் கிளையில் கேட்டு, மாறாது என்று தெரிந்த பிறகே அந்த எண்ணை எழுதினோம். லோன் தவணைக்கும் அதே கணக்கு.

சர்வீஸ் சர்டிஃபிகேட்டுக்கு ஒரு பத்தி தனியாக. அங்கே வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பயோடேட்டாவில் கிளார்க் என்று எழுதுவார், சர்டிஃபிகேட்டில் கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட் என்று மட்டும் இருக்கும், பழைய நியமன ஆணையில் மறுபடி கிளார்க். சரிபார்ப்பவர் இரண்டு வேலை என்று நினைக்கலாம். ஆகவே 2017-இல் கிளார்க்காகச் சேர்ந்ததையும், பதவிப் பெயர் பிறகு மாறியதையும், பார்த்த வேலைகள் பண வரவு செலவு, கணக்குத் திறப்பு, கடன் ஆவணங்கள் என்பதையும், கடைசி நாள் 20 ஜூன் 2025 என்பதையும் குறிப்பிட்டுத் தரும்படி கேட்டோம். வந்த சர்டிஃபிகேட்டில் இரண்டு பதவிப் பெயரும் இருந்தன, வேலை விவரம் மட்டும் இல்லை. வங்கிகளில் அதை எழுதித் தரும் வழக்கம் குறைவு. கிளை மேலாளர் தன் கையெழுத்தில் தனியாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார், கிளை முத்திரையோடு.